ரொறன்ரோவில் ஏழா எட்டா: நாலு ஊர்க் கூட்டத்தின் நேரத்தை எப்படி எழுதுவது?

2025 மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை. யாழ்ப்பாணத்தில் ஐந்து மணியாகப் பத்து நிமிடம் இருந்தது. தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தபோது ரொறன்ரோவிலிருந்து போன் வந்தது.

"தம்பி, இருபது நிமிசமா லிங்கைத் திறந்து வைச்சுக்கொண்டு இருக்கிறன். ஒருத்தரையும் காணேல்லை. இண்டைக்குக் கூட்டம் இல்லையோ?"

"இருக்கு அண்ணை. ஐஞ்சரைக்குத்தானே. இன்னும் நாப்பது நிமிசம் கிடக்கு."

"காலமை ஏழு மணி எண்டு நீர்தானே போட்டிருக்கிறீர்!"

போட்டிருந்தது உண்மைதான். நான் எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர். நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் யாழ்ப்பாணம், லண்டன், ரொறன்ரோ, சிட்னி என்று நாலு ஊரில் இருக்கிறார்கள். மாதத்தின் நாலாவது ஞாயிறு கூட்டம். பெப்ரவரி மாத அறிவித்தலில் யாழ்ப்பாணம் பின்னேரம் 5.30, லண்டன் மதியம் 12, ரொறன்ரோ காலை 7, சிட்னி இரவு 11 என்று எழுதியிருந்தேன். அப்போது நாலும் சரி. மார்ச்சுக்கு அதையே எடுத்துத் திகதியை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டேன். இடையில் மார்ச் 9 அன்று கனடாவில் கோடைகால நேரத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். லண்டனில் அது மார்ச் 30 அன்றுதான். சிட்னியிலோ ஏப்ரல் 6 அன்று பின்னுக்கு இழுத்தார்கள், அங்கே கோடை முடிகிற காலம் என்பதால். ஆக, மார்ச் 23 அன்று மற்ற மூன்று ஊர்களுக்கும் பழைய கணக்கு சரியாக இருக்க, ரொறன்ரோவுக்கு மட்டும் காலை 8 என்று வந்திருக்க வேண்டும்.

அண்ணையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு நேரத்தை எழுதும் முறைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். எங்களைப் போலக் கடல் கடந்து கூட்டம் நடத்தும் சங்கங்களும் கோயில் சபைகளும் நிறைய இருப்பதால், எது எங்கே உதவியது, எது காலை வாரியது என்பதைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். எனக்கு இது விளங்கவே சில மாதம் பிடித்தது. இனி நடக்கப்போகும் கூட்டத்தின் நேரமும் நடந்து முடிந்த கூட்டத்தின் நேரமும் ஒரே மாதிரியான சரக்கு அல்ல. அறிவித்தலில் எழுதும் நேரம் ஒரு வாக்குறுதி. அந்த ஊரில் மணிக்கூடு ஐந்தரை காட்டும்போது கூடுவோம் என்பது அதன் பொருள், அதற்குள் அரசாங்கம் மணிக்கூட்டைத் திருப்பினாலும் அதுதான் பொருள். கூட்டக் குறிப்பில் எழுதும் நேரம் சாட்சியம். அந்தக் கணம் போய்விட்டது, எந்த அரசாங்கமும் அதை இனி அசைக்க முடியாது. ஒன்றுக்குப் பொருந்தும் முறை மற்றதற்குப் பொருந்தவேண்டும் என்று நினைத்ததால்தான் நான் கனகாலம் சுற்றினேன்.

சரி, முறைகளுக்கு வருவோம்.

மிகவும் பழகிப்போனது சுருக்கெழுத்து. `7 am EST`, `5.30 pm IST` என்று போட்டுவிடுவது. இதில் அதிக நேரம் செலவழிக்கத் தேவையில்லை, கைவிட்டுவிடலாம். `IST` என்பதை இந்தியர் இந்திய நேரம் என்பார்கள், அயர்லாந்தில் அது அவர்களுடைய கோடைகால நேரம், இஸ்ரேலுக்கும் அதே மூன்று எழுத்து. `BST` லண்டனின் கோடை நேரமும் ஆகும், வங்காளதேசத்தின் நேரமும் ஆகும். அதைவிடப் பெரிய தொல்லை `EST`. ரொறன்ரோக்காரர் வருடம் முழுக்க `EST` என்றே எழுதுவார்கள். ஆனால் மார்ச் முதல் நவம்பர் வரை அங்கே ஓடுவது கோடை நேரமான `EDT`. மார்ச் 23 அன்று `7 am EST` என்று எழுதியிருந்தால், மனிதர் அதை ரொறன்ரோ மணிக்கூட்டில் ஏழு என்று வாசிப்பார். எழுத்துப்படி கணக்குப் பார்க்கும் கணினியோ அதை அங்கே எட்டு மணி என்று எடுத்துக்கொள்ளும். ஒரே வரியை இரண்டு பேர் இரண்டு விதமாக வாசித்து இருவருமே சரியாக இருக்கக்கூடிய எழுத்துமுறையால் எங்களுக்கு என்ன பயன்?

அடுத்தது நான் செய்தது: எல்லா ஊர் நேரத்தையும் வரிசையாகப் போடுவது. இதைப் பழிக்க எனக்கு மனமில்லை. வாசிப்பவருக்கு இதைவிட வசதி கிடையாது. சிட்னியில் இருக்கும் பொருளாளர் கணக்குப் பார்க்கத் தேவையில்லை, தன் ஊர்ப் பெயரைத் தேடி அந்த வரியை வாசித்தால் போதும். எழுபது வயதில் போனை மூக்குக்குக் கிட்டப் பிடித்து வாசிக்கும் எங்கள் தலைவருக்கும் இதுதான் பிடிக்கும். குறை என்னவென்றால், நாலு வரியில் ஒன்று பிழைத்தால் எது பிழை என்று யாருக்கும் தெரியாது. பிழை இருக்கிறது என்பதே தெரியாது. ஒவ்வொருவரும் தன் வரியை மட்டும்தான் பார்க்கிறார். மார்ச்சில் ரொறன்ரோ அண்ணை ஒரு மணித்தியாலம் முந்தி வந்தார், அது என் அதிர்ஷ்டம். பிந்தி வந்திருந்தால் ஒரு தீர்மானம் அவர் இல்லாமலே நிறைவேறியிருக்கும், அறிவித்தலில் சொன்ன நேரத்துக்குத்தான் வந்தேன் என்று அவர் நின்றிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

அதனால் பட்டியல் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பட்டியலில் ஒரு வரி எசமானாக இருக்க வேண்டும், மற்றவை அதிலிருந்து கணக்குப் பண்ணியவை என்று அறிவித்தலிலேயே எழுத வேண்டும். எங்கள் அறிவித்தலில் இப்போது "கூட்ட நேரம் யாழ்ப்பாண நேரமே, மற்ற ஊர் நேரங்கள் உதவிக்காகத் தரப்படுகின்றன" என்று ஒரு வரி நிரந்தரமாக இருக்கிறது.

மூன்றாவது வழி, `UTC` என்று எழுதப்படும் உலகப் பொது நேரம். அதற்குக் கோடையும் இல்லை, மாரியும் இல்லை. லண்டனில் இருக்கும், கணினித் துறையில் வேலை செய்யும் எங்கள் உபசெயலாளர் இதைத்தான் விடாப்பிடியாகச் சொன்னார். "எல்லாத்தையும் யூடிசியில போடுங்கோ, பிரச்சினை முடிஞ்சுது" என்பது அவருடைய கட்சி. இரண்டு மாதம் அப்படியே செய்தும் பார்த்தோம்.

முதல் மாதமே ஒரு வேடிக்கை நடந்தது. ஜூன் மாத அறிவித்தலில் `12:00 UTC` என்று போட்டோம். லண்டனில் இருக்கும் ஒரு ரீச்சர் அதைத் தன் ஊர்ப் பன்னிரண்டு மணி என்று எடுத்துக்கொண்டு வந்து காத்திருந்தார். பொது நேரமும் கிரீன்விச் நேரமும் ஒன்றுதானே, கிரீன்விச் லண்டனில்தானே இருக்கிறது என்பது அவருடைய நியாயம். மாரிகாலத்தில் அவர் சொல்வது சரி. ஜூனில் லண்டன் மணிக்கூடு பொது நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னால் ஓடும், அதனால் பொது நேரம் பன்னிரண்டு என்பது அங்கே பகல் ஒரு மணி. மற்ற மூன்று ஊர்க்காரருக்கும் இந்தக் குழப்பம் வரவில்லை, ஏனென்றால் அவர்களுக்கு அது தங்கள் நேரம் இல்லை என்று தெரியும். பொது நேரத்தால் ஆகக்கூடுதலாக ஏமாறுகிறவர் லண்டன்காரர்தான்.

ஆனால் பொது நேரத்தை அறிவித்தலுக்கு நான் வேண்டாம் என்பதற்கு அது காரணம் அல்ல. வாசிக்கப் பழக்கிவிடலாம். பெரிய காரணம் எங்கள் நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது.

இலங்கையின் நேரம் பொது நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருந்தது. 1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டுக் காலத்தில், அரசாங்கம் அதை ஒரேயடியாக ஆறரை ஆக்கியது. அதே வருடம் ஒக்டோபரில் ஆறு ஆக்கியது. அப்படியே பத்து வருடம் ஓடியது. 2006 ஏப்ரல் 15 அன்று, சித்திரைப் புத்தாண்டோடு, மறுபடி ஐந்தரைக்கு வந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. அந்த நாட்களில் வன்னிக்குப் போய்வந்தவர்களுக்கு, எந்த நேரத்தில் எத்தனை மணி என்று இரண்டு தரம் கேட்கும் பழக்கம் இருந்தது.

இப்போது ஒரு கணக்குப் பாருங்கள். 2005 கடைசியில் ஒருவர், 2006 ஜூன் 25 ஞாயிறு மாலை 6 மணிக்குக் கொழும்பில் ஒரு கூட்டம் என்று முடிவுசெய்கிறார். அப்போது வித்தியாசம் ஆறு மணித்தியாலம். ஆகவே பொது நேரத்தில் `12:00` என்று குறித்துவைக்கிறார், அதைத்தான் வெளிநாட்டுக்காரர் எல்லாருக்கும் அனுப்புகிறார். ஏப்ரலில் அரசாங்கம் நேரத்தை மாற்றுகிறது. ஜூன் 25 அன்று பொது நேரம் பன்னிரண்டாகும்போது கொழும்பு மணிக்கூட்டில் ஐந்தரைதான் ஆகியிருக்கும். மண்டபத்தை ஆறு மணிக்கு எடுத்திருக்கிறார்கள், ஊர்க்காரர் ஆறு மணிக்கு வருவார்கள். வெளிநாட்டுக்காரர் அரை மணித்தியாலம் முந்தித் திரையில் வந்து நிற்பார்கள். குறித்துவைத்ததில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. "கொழும்பில் ஆறு மணி" என்ற வாக்குறுதியை உடைத்து ஒரு கணமாக மாற்றி வைத்ததுதான் பிழை. மாற்றும்போது எந்த ஊர் என்ற செய்தி தொலைந்துபோனது, திருப்பிக் கட்டுவதற்கு ஒன்றும் கையில் இல்லை.

இது பழைய கதை என்று விடவும் முடியாது. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணம், மணிக்கூட்டைத் திருப்பும் வழக்கத்தை நிறுத்துவதற்கான சட்டத்தை 2020இலேயே நிறைவேற்றி வைத்திருக்கிறது. கியூபெக்கும் நியூயோர்க்கும் சேர்ந்து நிறுத்தினால்தான் நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையோடு அது காத்துக்கிடக்கிறது. மெக்சிக்கோவின் பெரும்பகுதி 2022இல் நிறுத்தியேவிட்டது. இன்னும் ஆறு மாதத்தில் நடக்கவிருக்கும் கூட்டத்துக்கு இன்றைய வித்தியாசத்தை வைத்துக் கணம் குறிப்பது, ஊகத்தை உறுதியாக எழுதுவதுதான்.

நாலாவது வழி வித்தியாச எண்ணைச் சேர்த்து எழுதுவது: `17:30 +05:30`. பொது நேரத்துக்கு இருக்கும் அதே தெளிவு இதற்கும் உண்டு, கூடவே ஊர் மணிக்கூடும் தெரிகிறது. நடந்து முடிந்ததை எழுத இது அருமையான வடிவம், அதற்குப் பிறகு வருகிறேன். நடக்கப்போவதற்கு இதிலும் அதே ஓட்டைதான். `+05:30` என்பது ஓர் எண், ஊர் அல்ல. 2006இல் மாறியது எண், ஊர் அப்படியே இருந்தது. ரொறன்ரோவுக்கு `-05:00` என்று எழுதி மாதாமாதம் கூட்டம் வைத்தால் வருடத்தில் கிட்டத்தட்ட எட்டு மாதம் பிழையாகவே இருக்கும்.

மிச்சம் இருப்பது, ஊர் நேரத்தோடு நேர வலயத்தின் பெயரையே எழுதுவது. போன்களும் பல கணினிகளும் உலகத்து நேர விதிகளை ஒரு பொதுத் தொகுப்பிலிருந்துதான் எடுக்கின்றன. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர் தொடங்கிவைத்த அந்தத் தொகுப்பை இப்போது போல் எகெர்ட் என்பவர் முன்னின்று பராமரிக்கிறார். அதில் ஒவ்வொரு வலயத்துக்கும் பெரும்பாலும் ஒரு நகரத்தின் பெயர் இருக்கும். எங்களுக்கு `Asia/Colombo`, மற்றவர்களுக்கு `Europe/London`, `America/Toronto`, `Australia/Sydney`. நான் மேலே சொன்ன 1996, 2006 மாற்றங்கள் எல்லாம் `Asia/Colombo` என்ற பெயருக்குக் கீழ் அங்கே பதிவாகியிருக்கின்றன. நாளைக்கு அரசாங்கம் மறுபடி மாற்றினால் அந்தத் தொகுப்பு புதுப்பிக்கப்படும், போன் அதை இறக்கிக்கொள்ளும், `Asia/Colombo` மாலை 5.30 என்று குறித்த கூட்டம் ஊர் மணிக்கூட்டில் 5.30 ஆகவே நிற்கும். வெளிநாட்டுக்காரரின் திரையில் மட்டும் நேரம் தானாக நகரும். எங்களுக்கு வேண்டியது சரியாக இதுதான்.

நாட்காட்டி அழைப்புக் கோப்பை ஒருமுறை எழுத்துத் திருத்தியில் திறந்து பாருங்கள், இந்த வேறுபாடு ஒரு வரியில் தெரியும். அதில் தொடக்க நேரம் மூன்று விதமாக வரலாம்:

```
DTSTART;TZID=Asia/Colombo:20260322T173000
DTSTART:20260322T120000Z
DTSTART:20260322T173000
```

முதல் வரி கொழும்பு நேரம் 5.30 என்கிறது, ஊர் பெயரோடு. இரண்டாவது வரியின் கடைசியில் இருக்கும் `Z` பொது நேரத்தைக் குறிக்கும். மூன்றாவதில் ஊரும் இல்லை, `Z`உம் இல்லை. அதைத் திறப்பவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊரின் 5.30 ஆகிவிடும். காலையில் மாத்திரை போட நினைவூட்ட அது நல்லது, கூட்டத்துக்கு ஆபத்து. எங்கள் பழைய அழைப்பு ஒன்று அப்படி மூன்றாவது மாதிரி இருந்ததைப் பிறகுதான் கண்டுபிடித்தேன். சிட்னிப் பொருளாளரின் போனில் கூட்டம் பின்னேரம் ஐந்தரை என்றே காட்டியதாம். அவர் அதை நம்பாமல் வாட்ஸ்அப்பில் கேட்டதால் தப்பினோம்.

ஆக அறிவித்தலுக்கு ஊர்ப் பெயரோடு கூடிய நேரம். அப்புறம் எந்த ஊரை எசமானாக வைப்பது என்ற கேள்வி வருகிறது. இதில்தான் எங்கள் குழுவில் உண்மையான வாக்குவாதம் நடந்தது, ஏனென்றால் இது யார் தூக்கத்தைக் கெடுப்பது என்ற கேள்வி.

லண்டன் 12 மணியை எசமானாக வைத்தால் என்ன ஆகும்? மாரியில் யாழ்ப்பாணத்தில் பின்னேரம் 5.30, ரொறன்ரோவில் காலை 7, சிட்னியில் இரவு 11. ஜூலையில் யாழ்ப்பாணத்தில் 4.30, ரொறன்ரோவில் அதே 7, சிட்னியில் இரவு 9. லண்டனும் ரொறன்ரோவும் மார்ச்சில் இரண்டு மூன்று கிழமையும் ஒக்டோபர் கடைசியில் ஒரு கிழமையும் தவிர ஒன்றாகவே நகர்வதால் அவர்களுக்கு நிம்மதி. சிட்னிக்கும் அரைவாசி வருடம் நல்லது. ஆடுவது யாழ்ப்பாணம்.

யாழ்ப்பாணம் 5.30ஐ எசமானாக வைத்தால் ஊரில் ஒன்றும் மாறாது. ஜூலையில் லண்டனில் பகல் 1, ரொறன்ரோவில் காலை 8, சிட்னியில் இரவு 10. சிட்னிக்குத்தான் நட்டம், ஜூலையில் ஒரு மணித்தியாலம் கூட முழித்திருக்க வேண்டும்.

உபசெயலாளர் லண்டனைக் கேட்டார், நான் யாழ்ப்பாணத்தைக் கேட்டேன். கடைசியில் எங்கள் பக்கம் தீர்ந்ததற்குக் காரணம் நியாயம் என்பதைவிட பஸ். ஊரிலிருந்து கலந்துகொள்ளும் அதிபரும் இரண்டு ஆசிரியர்களும் பள்ளிக்கூடத்து இணையத்தில் இருந்துதான் வருகிறார்கள், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள். மற்ற ஊர்க்காரர் வருடத்தில் இரண்டு தடவை தங்கள் ஊரில் எல்லாவற்றையும் ஒரு மணித்தியாலம் நகர்த்திப் பழகியவர்கள், எங்களுக்கு அது பழக்கமில்லை. இன்னொன்றும் இருக்கிறது. மணிக்கூட்டைத் திருப்பாத ஊரை எசமானாக வைத்தால், நடு இரவில் ஒரு மணித்தியாலம் இரண்டு தரம் வருகிற, அல்லது வராமலே போகிற சிக்கல் மூல நேரத்தில் இருக்காது. லண்டனில் 2026 ஒக்டோபர் 25 அதிகாலை 1.30 இரண்டு தரம் வரும். கூட்டம் அந்த நேரத்தில் வைக்கமாட்டோம் என்பது சரிதான், ஆனால் வாக்கெடுப்பு முடியும் நேரம் என்று யாராவது போட்டுவிடலாம்.

உங்கள் குழுவில் எல்லாரும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்தால், ஊரில் ஒருவர் மட்டும் இருந்தால், நான் லண்டனையே சொல்வேன். கூடுதல் பேருடைய அன்றாடம் எந்த ஊர் மணிக்கூட்டோடு ஒட்டியிருக்கிறதோ அது எசமானாக இருக்கட்டும்.

நாலாவது ஞாயிறு என்ற எங்கள் விதியைப் பற்றியும் ஒரு சொல். மார்ச்சிலும் ஒக்டோபரிலும் அது ஆகக் குழப்பமான நாட்களில் போய் விழுகிறது. 2026 மார்ச் 22 அன்று ரொறன்ரோ மாறியிருக்கும், லண்டன் மாறியிருக்காது. ஒக்டோபர் 25 லண்டன் மணிக்கூட்டைத் திருப்புகிற அதே நாள், சிட்னி ஏற்கெனவே மாறியாயிற்று, ரொறன்ரோவுக்கு இன்னும் ஒரு கிழமை இருக்கும். இந்த இரண்டு மாதமும் பட்டியலைப் புதிதாகக் கணக்குப் பண்ணி, அனுப்ப முதல் ரொறன்ரோவில் ஒருவரிடமும் லண்டனில் ஒருவரிடமும் "உங்கட போனில கூட்டம் எத்தினை மணிக்குக் காட்டுது?" என்று கேட்டு ஒத்துப்பார்க்கிறேன்.

இனிச் சாட்சியத்துக்கு, அதாவது கூட்டக் குறிப்புக்கு, வருவோம். இங்கே என் தீர்ப்பு தலைகீழ். பொது நேரம் வேண்டும், குறைந்தது வித்தியாச எண்ணாவது வேண்டும்.

அதே மார்ச் 23 கூட்டத்தில் வங்கிக் கணக்கில் கையொப்பமிடுபவர்களை மாற்றும் தீர்மானம் ஒன்று நிறைவேறியது. யாழ்ப்பாணத்தில் அப்போது மாலை 6.50. நான் குறிப்பில் 23ஆம் திகதி என்று எழுதினேன். சிட்னியில் அப்போது நடுச்சாமம் தாண்டி 12.20, திங்கட்கிழமை. பொருளாளர் தன் ஊர் வங்கிக்கு எழுதிய கடிதத்தில் தீர்மானம் 24ஆம் திகதி நிறைவேறியது என்று போட்டுவிட்டார். வங்கி இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியது. திகதி ஒத்துவரவில்லை என்றார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை, ஆனால் அதை ஒரு வங்கி எழுத்தருக்கு விளங்கப்படுத்த மூன்று கிழமை போனது.

இப்போது குறிப்பில் தீர்மானங்களுக்குப் பக்கத்தில் இப்படி எழுதுகிறேன்:

```
2025-03-23 18:50 +05:30 (13:20 UTC)
```

முதல் பாதி எங்கள் சங்கத்தின் பதிவு நேரம், திகதியும் அதற்குரியதே. அடைப்புக்குள் இருப்பது ஒத்துப்பார்க்க. சிட்னியில் எத்தனை மணி, என்ன திகதி என்று யார் வேண்டுமானாலும் 13.20க்குப் பதினொன்றைக் கூட்டிக் கண்டுபிடிக்கலாம். யாப்பிலும் ஒரு வரி சேர்த்தோம்: தீர்மானத்தின் திகதி என்பது யாழ்ப்பாண நேரப்படியான திகதி. கடிதம் எந்த ஊரிலிருந்து போனாலும் அந்தத் திகதிதான்.

வருடத்தை முதலில் எழுதுவதும் காரணத்தோடுதான். `04/10/2025` என்று போட்டால் எனக்கும் லண்டனுக்கும் அது ஒக்டோபர் நாலு. கனடாவில் ஏப்ரல் பத்து என்று வாசிப்பவரும் இருக்கிறார்.

குறிப்பில் எல்லாவற்றுக்கும் நேரம் போடவேண்டியதில்லை. கூட்டம் தொடங்கியது, நிறைவெண் சேர்ந்தது, யாராவது நடுவில் வந்தது அல்லது போனது, ஒவ்வொரு தீர்மானமும், முடிந்தது. இவ்வளவு போதும். இந்த நேரங்களை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில் கவனம் தேவை. வாட்ஸ்அப் செய்திக்குப் பக்கத்தில் இருக்கும் நேரம், அதைப் பார்ப்பவரின் போன் இருக்கும் ஊரின் நேரம். ரொறன்ரோவில் ஒருவர் தன் போன் திரையைப் படமெடுத்து எனக்கு அனுப்பினால் அதில் 8.12 என்று இருக்கும், என் போனில் அதே செய்தி 5.42 என்று இருக்கும். எந்த ஊர்ப் போனில் எடுத்தது என்று தெரியாமல் அதைச் சாட்சியாக வைக்க முடியாது. காணொளிக் கூட்டத்தின் வருகைப் பட்டியலை இறக்கும்போதும், அந்தக் கணக்கு எந்த நேர வலயத்தில் அமைக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். எங்கள் கணக்கு லண்டனில் திறந்தது, அதனால் பட்டியல் முழுக்க லண்டன் நேரத்தில் வந்தது.

மின்னஞ்சல் இந்த விடயத்தில் நேர்மையானது. அதன் தலைப்பகுதியை விரித்தால் `Date: Sun, 23 Mar 2025 08:12:00 -0400` என்பது போல ஒரு வரி இருக்கும். கடைசியில் இருக்கும் `-0400`, பொது நேரத்துக்கு நாலு மணித்தியாலம் பின்னால் என்கிறது. நாலைக் கூட்டினால் 12.12, அதோடு ஐந்தரையைக் கூட்டினால் யாழ்ப்பாணத்தில் 5.42. அனுப்பியவரின் கணினியில் மணிக்கூடு பிழையாக இருந்தால் இந்த வரியும் பிழைக்கும், அதனால் தகராறு வந்தால் வழியில் இருந்த சேவையகங்கள் போட்ட `Received` வரிகளையும் பார்க்க வேண்டும்.

அது எங்களுக்கு ஒருமுறை தேவைப்பட்டது. நிர்வாகக் குழுத் தேர்தலுக்கு வேட்புமனு அனுப்பக் கடைசி நேரம் "மார்ச் 31 நள்ளிரவு" என்று அறிவித்திருந்தோம். எந்த ஊர் நள்ளிரவு என்று சொல்லவில்லை. 31 தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா என்றும் சொல்லவில்லை. ரொறன்ரோவில் ஒருவர் 31ஆம் திகதி இரவு 11.30க்கு அனுப்பினார். எனக்கு அது ஏப்ரல் முதலாம் திகதி காலை ஒன்பது மணிக்கு வந்தது. ஏற்பதா தள்ளுவதா என்று இரண்டு கிழமை இழுபட்டது. கடைசியில் ஏற்றுக்கொண்டோம், அறிவித்தல் தெளிவில்லாமல் இருந்தது எங்கள் குற்றம் என்பதால். இப்போது அந்த வரி "மார்ச் 31, செவ்வாய், இரவு 11.59, யாழ்ப்பாண நேரம் (`Asia/Colombo`)" என்று இருக்கிறது. ரொறன்ரோக்காரர் எனக்குப் போன் எடுத்துக் குறைப்பட்டார்: தங்களுக்கு அது பின்னேரம் இரண்டரை மணியாம், வேலை முடிந்து வந்து அனுப்ப ஏலாதாம். அதற்கு நேரத்தை எழுதும் முறை ஒன்றும் செய்ய முடியாது. கடைசி நாளை ஒரு நாள் தள்ளிவைத்தோம்.